கண்மாய்ப் புனரமைப்புப் பிரிவில் பயிற்சி வேண்டி: விண்ணப்பத்துடன் ஒரு குறிப்பு

வணக்கம்.

மதிப்பெண், படித்த பாடங்கள் எல்லாம் படிவத்திலேயே கொடுத்திருக்கிறேன். உங்களிடம் உள்ள பிரிவுகளில் கண்மாய்ப் புனரமைப்பை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு 64 ஏக்கர் ஆயக்கட்டு, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளது. என் தாத்தா அதில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் ராத்திரியில் லாந்தரை எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றி வருவார். மண்வெட்டிக் காம்பைக் கலுங்குச் சுவரை ஒட்டித் தண்ணீருக்குள் விட்டு, நனைந்த அளவை விரலால் பிடித்துப் பார்ப்பார். எந்த மடையை எப்போது திறப்பது என்பது அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும். அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு யாரும் வரவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் கண்மாயைத் தூர்வாரினார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. அந்த வருடம் மழையும் ஓரளவு பெய்தது. ஆனால் மடையைத் திறந்த பதினொன்றாவது நாளில் வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் பள்ளங்களில் ஆள் மார்பளவு தண்ணீர் கிடக்கிறது. வெளியே நெல் பால் பிடிக்கும் நேரத்தில் காய்கிறது. எங்கள் ஒன்றரை ஏக்கரும் அதில் போனது. மடையில் அடைப்பு என்றார்கள் சிலர். மேல்மடைக்காரர்கள் திருடிவிட்டார்கள் என்று சண்டையே வந்தது.

மூன்றாம் ஆண்டு மினி பிராஜெக்டுக்கு இதையே எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் இரவல் வாங்கி, தோழி ஒருத்தியோடு இரண்டு சனி ஞாயிறு கண்மாய்க்குள் இறங்கினோம். கலுங்கின் உச்சியை 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். முதல் தடவை சுற்றி வந்து மூடியபோது 4 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது, ஈர மண்ணில் ஸ்டாஃப் அமிழ்ந்திருந்தது. அடியில் ஓடு வைத்து முழுவதையும் மறுபடி எடுத்தோம். வித்தியாசம் 8 மில்லிமீட்டருக்கு வந்தது. அந்தக் கணக்குப்படி மடையின் அடிமட்டம் 97.40. தோண்டிய பள்ளத்தின் தரை 95.85. அதாவது பள்ளம் மடையைவிட 1.55 மீட்டர் தாழ்வு. பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மாட்டுக்கு ஆகும், கிணறுகளுக்கு ஊறும், ஆனால் மடை ஏறி ஒரு வயலுக்கும் போகாது. 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலமுள்ள ஒரே பள்ளத்தில் மட்டும் சுமார் 1,550 கன மீட்டர் இப்படித் தங்குகிறது.

வரைபடத்தைக் கொண்டுபோய் ஆயக்கட்டுக்காரர்களிடம் காட்டினேன். காண்டூர் கோடு அவர்களுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் ஒரு தட்டில் ஈர மண்ணைக் குழித்து, ஓரத்தில் பப்பாளித் தண்டைச் செருகி, தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். சண்டை போட்ட பெரியவர் ஒருவர் அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப யாரும் திருடலையா தாயி” என்று கேட்டார். இந்த வேலைதான் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அளந்து காரணத்தைச் சொல்ல முடிந்ததே தவிர, சரி செய்ய எனக்குத் தெரியவில்லை. வண்டலை எந்த மட்டத்தோடு நிறுத்துவது, வாரிய மண்ணைக் கரையில் எப்படிப் போட்டு இறுக்குவது, வரத்துக்கால் ஆக்கிரமிப்பைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் பகை வராமல் எப்படிப் பேசுவது, இதெல்லாம் வகுப்பில் கிடைக்கவில்லை. வேலை தொடங்குமுன் ஆயக்கட்டுக்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசுவோம் என்று உங்கள் அறிவிப்பில் இருந்தது. அந்தக் கூட்டங்களில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்கவே பெரிய ஆசை.

லெவல் எடுப்பது, ஆட்டோகேட், எக்செலில் கொள்ளளவுக் கணக்கு ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே செய்வேன். டோட்டல் ஸ்டேஷன் சர்வே கேம்ப்பில் தொட்டதோடு சரி, யாராவது உடனிருந்து பழக்க வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டுவேன், உரிமம் இருக்கிறது. வெயிலும் சேறும் பழக்கம்தான். இடம் இருந்தால் அலுவலகத்தைவிடக் களக்குழுவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 20 முதல் ஏப்ரல் 15 வரை வர முடியும். திங்கள்கிழமை மட்டும் பிராஜெக்ட் ரிவ்யூவுக்காகக் கல்லூரியில் இருக்க வேண்டும். மற்ற ஐந்து நாளும் உங்களுக்கு. துறைத்தலைவரின் அனுமதிக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். லெவல் புத்தகத்தின் பக்கங்களையும் அப்படியே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அடித்து எழுதிய முதல் தடவைக் கணக்கும் அதில் இருக்கிறது. உங்கள் பொறியாளர் யாராவது பார்த்துத் தவறு இருந்தால் சொன்னால், இடம் கிடைக்காவிட்டாலும் அது எனக்குப் பெரிய உதவி.

நன்றி.

மு. கயல்விழி
சிவில், இறுதியாண்டு