அப்பா ஊரில் இல்லாத ஏழு நாள் சாப்பாடு

செல்வி, முகில், யாழினி மூவருக்கும்,

திங்கள் விடிகாலை கிளம்பி ஞாயிறு இரவு வந்துவிடுவேன். எல்லாமே அரை மணி நேரத்துக்குள் முடிகிற சமையல்தான். மாவும் தக்காளியும் சீக்கிரம் கெடும் என்பதால் முதல் மூன்று நாளில் போட்டிருக்கிறேன். ரவையும் உருளைக்கிழங்கும் காத்திருக்கும். அதனால் நாட்களை மாற்றாதீர்கள். டம்ளர் என்றால் அரிசி டப்பாவில் கிடக்கும் டம்ளர்தான். மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே செய்து டப்பாவில் கட்டிவிடுங்கள்.

திங்கள்
காலை: இட்லி, இட்லிப்பொடி. பத்து நிமிடம் வேகட்டும். அணைத்து மூன்று நிமிடம் கழித்து எடுத்தால் தட்டில் ஒட்டாது.
மதியம்: தக்காளி சாதம். குக்கரில் எண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் இரண்டு வெங்காயம், நான்கு தக்காளி, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், உப்பு. தக்காளி குழைந்த பிறகு ஒன்றரை டம்ளர் அரிசி, மூன்று டம்ளருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். இரண்டு விசில்.
இரவு: தோசை, மிச்சமிருக்கும் பொடி.

செவ்வாய்
காலை: தோசை. சட்னி வேண்டுமென்றால் பொட்டுக்கடலை, தேங்காய், பச்சை மிளகாய், உப்பு போட்டு அரைத்தால் போதும்.
மதியம்: சாதம், தயிர், ஊறுகாய், வதக்கிய கேரட்.
இரவு: முட்டைப் பொரியல், சாதம். முகில், இது உன் பொறுப்பு. வெங்காயத்தை நன்றாக வதக்கிய பிறகு முட்டையை உடைத்து ஊற்று, அவசரப்படாதே.

புதன்
காலை: ஊத்தப்பம். இதற்குள் மாவு புளித்திருக்கும், வெங்காயம் தூவினால் புளிப்பு தெரியாது. மாவை இன்றோடு முடித்துவிடுங்கள்.
மதியம்: எலுமிச்சை சாதம். தாளித்து, அடுப்பை அணைத்த பிறகுதான் சாறு பிழிய வேண்டும். கொதிக்கவிட்டால் கசக்கும். (போன முறை செய்தது யார் என்று சொல்ல மாட்டேன்.)
இரவு: பருப்பு சாதம். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், உப்பு, ஐந்து விசில். நெய் விட்டுக் கிண்டினால் பாட்டிக்கு மெல்லாமலே இறங்கும். மற்றவர்களுக்கு அப்பளம்.

குக்கர் விஷயத்தில் ஒன்று: விசில் அடங்கி, ஆவி தானாக இறங்கும் வரை மூடியைத் திறக்கக் கூடாது. கரண்டியால் விசிலைத் தூக்குகிற வேலையும் வேண்டாம். பசித்தால் வாழைப்பழம் சாப்பிடுங்கள்.

வியாழன்
காலை: ரொட்டி டோஸ்ட், வேகவைத்த முட்டை.
மதியம்: தயிர் சாதம். சாதத்தைக் குழைய வடித்து மசித்து, ஆறிய பிறகு பால் நிறைய, தயிர் இரண்டு கரண்டி. தயிரையே நிறைய விட்டால் மதியத்துக்குள் புளித்துவிடும்.
இரவு: சேமியா உப்புமா. யாழினி காய் நறுக்கலாம், அடுப்புப் பக்கம் அம்மா.

வெள்ளி
அம்மா வரத் தாமதமாகும். காலையிலேயே இரவுக்கும் சேர்த்து சாதம் வைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே விடாதீர்கள்.
காலை: அவல், வெல்லம், தேங்காய். அவலை ஐந்து நிமிடம் நனைத்தால் போதும், அடுப்பே வேண்டாம்.
மதியம்: சாதம், முட்டைப் பொடிமாஸ்.
இரவு: மீதி சாதத்தை வெங்காயம், மிளகுத்தூளோடு வாணலியில் நன்றாகச் சூடேறும் வரை வதக்குங்கள். பாட்டிக்கு மட்டும் கஞ்சி.

சனி
காலை: ரவை உப்புமா. ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். ரவையை வறுத்துக்கொண்டு, தண்ணீர் கொதிக்கும்போது ஒரு கையால் தூவி மறு கையால் கிண்ட வேண்டும். கட்டி தட்டினாலும் சாப்பிடலாம், உப்புமாவுக்கு அதுவும் ஒரு ருசி.
மதியம்: உருளைக்கிழங்கு வறுவல், சாதம், தயிர்.
இரவு: சப்பாத்தி செய்ய யாருக்கும் தெம்பு இருக்காது என்று எனக்குத் தெரியும். சரி, டோஸ்ட், தக்காளித் தொக்கு. தொக்கு ஃபிரிட்ஜ் மேல் தட்டில், கண்ணாடி பாட்டிலில். ஈரக் கரண்டி போடாதீர்கள்.

ஞாயிறு
காலை: பசிக்கும்போது எழுந்து, கிடைப்பதைச் சாப்பிடுங்கள்.
மதியம்: தேங்காய் சாதம், ஆம்லெட். முகில் ஒரு முறையாவது ஆம்லெட்டைக் கிழியாமல் திருப்பிப் பார்க்கட்டும்.
இரவு: சாதம் மட்டும் வைத்திருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் ரசம் நான் வைக்கிறேன்.

அப்பா