செல்வி அக்காவுக்கு: வெள்ளி முதல் செவ்வாய் வரை

அக்கா, வெள்ளிக்கிழமை விடியற்காலை திருநெல்வேலி கிளம்புகிறோம். கொழுந்தனார் மகள் கல்யாணம். செவ்வாய் ராத்திரி வந்துவிடுவோம். நேரில் சொன்னதுதான், இருந்தாலும் எழுதி வைத்தால் உங்களுக்குச் சுலபமாக இருக்கும்.

சாவி மூன்று. நீலக் கயிறு கட்டியது கிரில் கேட். பித்தளைச் சாவி வாசல் கதவுக்கு; கதவை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள், இல்லையென்றால் பாதியில் சிக்கிக்கொள்ளும். சின்னது மொட்டைமாடிக்கு.

எங்கள் பூனை மீனுவுக்குக் காலையும் சாயங்காலமும் சாப்பாடு. அடுப்படி மேடையில் சிவப்பு மூடி டப்பா, அதற்குள்ளேயே கரண்டி கிடக்கிறது, வேளைக்கு ஒரு கரண்டி. தண்ணீரை தினமும் மாற்றிவிடுங்கள். பால் கேட்டுக் கத்துவாள், பாவமாக இருக்கும், ஆனால் கொடுக்க வேண்டாம் அக்கா, வயிற்றுக்குச் சேராது. ஆள் இல்லாத வீட்டில் முதல் நாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். தேடி இழுக்க வேண்டாம், கிண்ணத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்து பேசினால் தானாக வந்து காலில் உரசுவாள். ஒரு நாள் முழுக்கக் கிண்ணம் தொடாமல் அப்படியே இருந்தால் எந்த நேரமானாலும் போன் பண்ணுங்கள். பூனை பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுப்போகும், அது ஒன்றுதான் எனக்குப் பயம். மருத்துவர் நம்பர் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. மண் தட்டைத் தம்பியை விட்டு அள்ளச் சொல்லுங்கள்.

செடிகளுக்கு வெயில் ஏறும் முன்னால் தண்ணீர். துளசிக்கும் மல்லிக்கும் தினமும் ஒரு செம்பு. இந்த வெயிலுக்கு மாடியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டி சாயங்காலமே காய்ந்துவிடும், அதற்கு மட்டும் இரண்டு வேளை. கற்றாழைக்கு ஊற்றவே வேண்டாம், வேர் அழுகிவிடும். மல்லி மொட்டைப் பறித்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலையும் வேண்டிய மட்டும் கிள்ளிக்கொள்ளுங்கள்.

மோட்டாரை ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை போட்டால் போதும். டேங்க் நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் அணைத்துவிடுங்கள். சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள், தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் கருகிவிடும்.

பால்காரரிடமும் பேப்பர் பையனிடமும் சொல்லிவிட்டேன். அப்படியும் பேப்பர் விழுந்தால் எடுத்து உள்ளே போட்டுவிடுங்கள், வாசலில் குவிந்து கிடந்தால் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். அதே காரணத்துக்காக இருட்டியதும் வாசல் லைட்டைப் போட்டு, காலையில் அணைத்துவிடுங்கள். கேஸ் மூடியாயிற்று. பிரிட்ஜ் ஓடட்டும். அதில் இருக்கும் மாவு சனிக்கிழமைக்குள் புளித்துவிடும், எடுத்து உங்கள் வீட்டில் தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண மண்டபத்தில் போன் சத்தம் கேட்காமல் போகலாம். நான் எடுக்கவில்லை என்றால் அவருக்குப் பண்ணுங்கள், அவர் நம்பரும் பிரிட்ஜில் இருக்கிறது.

அன்புடன்,
மேல் வீட்டு கவிதா