வடக்கு ஜன்னல்

கட்டடக்கலை படித்த கௌசிக்குத் தனியாகக் கிடைத்த முதல் வேலை அது. தெஹிவளையில் தையல் அன்ரியின் வீட்டுக்கு மேல் ஒரு மாடி, அதில் சட்டை தைக்க ஓர் அறை. வெயில் பட்டால் பட்டுத்துணி வெளிறிப்போகும் என்று அன்ரி முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால்தான் கௌசி வரைபடத்தில் தெற்குப் பக்கம் இரண்டடி சன்சைட் இழுத்துவிட்டு, வடக்கில் எட்டடி உயரத்துக்கு வெறும் கண்ணாடி வைத்தாள். வடக்கு வெளிச்சம் மெத்தென்று வரும் என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும்.

இரவு பதினொன்றரைக்கு, அறை வெளிச்சத்தோடு எப்படி இருக்கும் என்று பார்க்க, முதல் தடவையாக லப்டொப்பில் ரெண்டர் பண்ணினாள். விசிறி இரைந்தது. புள்ளி புள்ளியாக இருந்த படம் மெல்லத் தெளிந்தது, சுவர் வந்தது, மெசின் வந்தது, அப்புறம் மெசினுக்கு மேலேயே பளீரென்று ஒரு வெயில் துண்டு.

வடக்கிலிருந்து வெயிலா? வடதிசை அம்புக்குறியைத்தான் பிழையாகப் போட்டுவிட்டோம் என்று பார்த்தாள். அம்பு சரி. திகதி ஜூன் 21, நேரம் பின்னேரம் மூன்று மணி. வெயில் உள்ளே மூன்றடிக்கு மேல் கிடந்தது.

அந்தப் புத்தகங்களை எழுதினவர்களின் ஊரில் மத்தியானச் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே நிற்கும். கொழும்பு இருப்பது பூமத்திய கோட்டுக்கு வடக்கே வெறும் 7 பாகையில். ஏப்ரலில் எந்தெந்த ஊருக்கு மேல் சூரியன் உச்சங்கொடுக்கிறது என்று பத்திரிகையில் வருஷா வருஷம் போடுகிறார்களே, அது நம் தலைக்கு மேலால் வடக்கே போகிற கணக்குத்தான், திரும்பி வரச் செப்டெம்பர் ஆகிவிடும். இரண்டாம் வருஷத்தில் இதே சூரியப் பாதையைக் கையால் கீறி நல்ல புள்ளியும் வாங்கினவள். வெட்கமாக இருந்தது.

திகதியை டிசம்பருக்கு மாற்றிப் பார்த்தாள். வெயில் போய்விட்டது. படம் அவ்வளவு அழகு, அப்படியே அனுப்பினால் அன்ரிக்கு என்ன தெரியப் போகிறது, ஜூனில் எப்படியும் பாதி நாள் மழை முகில்தானே. கை மவுசிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மூடிவிட்டுப் படுத்தாள். நித்திரை வரவில்லை.

காலையில் ஏழு மணிக்கே போன் எடுத்தாள்.

"அன்ரி, ஒரு பிழை விட்டிட்டன். வடக்கு ஜன்னலால வெயில் வரும். ஆனி, ஆடியில மெசினிலேயே விழும்."

"ஓம் பிள்ளை, வரும்தானே. கீழ் அறையிலயும் அப்பிடித்தான். அந்த மாசங்களில நான் மெசினை உள்ளுக்குத் தள்ளிப்போட்டுத்தான் தைக்கிறனான். நிலத்தில சோக்கால கோடும் போட்டு வைச்சிருக்கிறன்."

"ஏன் அன்ரி எனக்குச் சொல்லேல்ல?"

"நீர் படிச்ச பிள்ளை, உமக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

கௌசி கொப்பியை இழுத்து வைத்தாள். "ஜன்னலில இருந்து அந்தக் கோடு எவ்வளவு தூரம் அன்ரி?"

"இரும், அளந்து சொல்லுறன். நாடா கழுத்திலதான் கிடக்கு."