முதல் புயல்: வீட்டுக்கு ஒரு கடிதம்

ஜனவரி 25, ஞாயிறு இரவு
ஜப்பானை நோக்கிப் போகும் வழியில்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கை, கால், தலை எல்லாம் முழுசாக இருக்கின்றன. அம்மா, இதை முதலில் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். மற்றதை அப்புறம் மெதுவாகப் படிக்கலாம்.

வியாழன் சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தபோது டமாலென்று ஒரு சத்தம் கேட்டு லைன் அறுந்ததே, அதிலிருந்து நீங்கள் தூங்கவில்லை என்று தங்கச்சி மெசேஜ் அனுப்பியிருந்தாள். அந்தச் சத்தம் என் மேசை இழுப்பறைதான். தாழ்ப்பாளைச் சரியாகப் போடாமல் விட்டுவிட்டேன். கப்பல் சாய்ந்ததும் அது முழுதாக வெளியே வந்து இரும்புத் தரையில் விழுந்தது. கப்பல் பலமாக ஆடும்போது ஆன்டெனா செயற்கைக்கோளைத் தவறவிடும், அதனால்தான் லைனும் போனது. அதன்பின் இரண்டு நாள் இணைப்பு நிலையாக வரவில்லை. வந்த அரை நிமிடத்தில் 'நலம்' என்று ஒரு வார்த்தைதான் அனுப்ப முடிந்தது. அப்பா கம்பெனிக்கே போன் போட்டு விசாரித்தார் என்றும் கேள்விப்பட்டேன். உங்களை அவ்வளவு தவிக்க விட்டதற்கு மன்னித்துவிடுங்கள்.

போனில் பேசினால் "நல்லா இருக்கேன்மா" என்று மட்டும்தான் வாயில் வரும், நீங்களும் அதை நம்பமாட்டீர்கள். அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். கஷிமா துறைமுகத்தில் ஏஜென்ட் வருவார், அவரிடம் தபாலில் சேர்க்கக் கொடுப்பேன். பயந்த இடத்தில் பயந்தேன் என்றே எழுதப்போகிறேன். அப்போதுதான் பயமில்லை என்று சொல்லும் இடத்தை நம்புவீர்கள்.

மரினா சவுத் பியரில் உங்களை விட்டுப் படகில் ஏறிய அன்று இரவே கிளம்பினோம். ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கத்தைத் தாண்டும்போது நான் கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில்தான் நின்றேன். 1851-லிருந்து எரிகிற விளக்கு. அது பின்னால் சின்னதாகிப் போனபோதுதான் வீட்டை விட்டு வந்துவிட்டேன் என்று உறைத்தது. தென்சீனக் கடலில் முதல் நாலு நாள் வாடைக்காற்று எதிரே வீசிக்கொண்டே இருந்தது. லேசான ஆட்டம்தான். வாந்தி இரண்டு தடவை வந்தது, அவ்வளவுதான்.

வியாழன் காலை வந்த வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டு, சீனப் பக்கமிருந்து பலத்த குளிர்காற்று இறங்குகிறது என்று கேப்டன் சொன்னார். ஜனவரியில் நம் ஈசூனில் விடாமல் மழை பெய்து, பாட்டி ஸ்வெட்டர் கேட்பாரே, அப்படி நமக்குக் குளிரைக் கொண்டுவருவதும் இதே காற்றுதான். நாங்கள் அது புறப்படும் பக்கத்துக்குக் கிட்டே போய்க்கொண்டிருந்தோம். பிலிப்பைன்ஸுக்கும் தைவானுக்கும் நடுவே லுசோன் நீரிணை இருக்கிறது. அங்கே குரோஷியோ நீரோட்டம் வடக்கே ஓடும், காற்று வடகிழக்கிலிருந்து எதிர்த்து வரும். இரண்டும் மோதினால் அலை உயரமாவதோடு நிற்காமல் செங்குத்தாகவும் எழும்பும்.

காற்று வருவதற்குள் ஒரு முழுப் பகல் வேலை இருந்தது. டெக்கில் அசையக்கூடியது ஒன்றுகூட இருக்கக்கூடாது. கயிறுகளை எல்லாம் முன்பக்க ஸ்டோருக்குள் இறக்கினோம். காற்றுப் போகிற குழாய்களை மூடி, சரக்கறைகளின் ஹேட்ச் மூடிகளின் பிடிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து இறுக்கினோம். நங்கூரச் சங்கிலி இறங்கும் ஓட்டையையும் தண்ணீர் புகாதபடி அடைத்தோம். பெயின்ட் டிரம்களைக் கட்டும் வேலை எனக்கு. நான் கட்டி முடித்ததும் டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன் வந்து ஒரு கையால் இழுத்தார், கயிறு தளர்ந்தது. ஒன்றும் சொல்லாமல் முழுதாக அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். மூன்றாம் தடவைதான் தலையாட்டினார். அவர் பிலிப்பைன்ஸ்காரர், அப்பா வயது இருக்கும். புயல் முடிந்து திறந்து பார்த்தபோது அந்த டிரம்கள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இரவு எட்டு மணிக்கு மேல் காற்று 40 நாட், அதாவது மணிக்கு 40 கடல் மைல் வேகத்தைத் தாண்டியது. நள்ளிரவில் 45. காற்றின் பலத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 9. சரியாகச் சொன்னால் புயல் என்ற பெயர் 10-லிருந்துதான் தொடங்கும் என்று சீஃப் ஆபீசர் சொன்னார். எனக்கு இதுவே புயல்தான்.

இரவில் அலை கண்ணுக்குத் தெரியாது. பிரிட்ஜில் விளக்கைப் போடமாட்டார்கள், வெளியே ஒரே கருப்பு. கப்பலின் மூக்கு மேலே போவது பாதத்தில் தெரியும். உச்சியில் ஒரு நொடி எல்லாம் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். பிறகு லிஃப்ட் கீழே போகும்போது வயிறு கூசுமே, அப்படி இறங்கும். அடியில் போய் மோதியதும் ஒரு பெரிய இடி. 225 மீட்டர் கப்பலும் முன்னாலிருந்து பின்னால்வரை நடுங்கும், அந்த நடுக்கம் அடங்க நாலைந்து நொடி ஆகும். சிதறிய தண்ணீர் அவ்வளவு தூரம் பறந்து வந்து பிரிட்ஜ் கண்ணாடியில் சரளைக்கல் எறிந்த மாதிரி விழும். அது வழிந்து முடிவதற்குள் மூக்கு மறுபடி மேலே ஏறத் தொடங்கிவிடும்.

அப்போது பயந்தேன். உண்மையாகவே பயந்தேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்த விரல்கள் விறைத்துப் போயின. முருகா முருகா என்று வாய் தானாக முணுமுணுத்தது.

கேப்டன் தூத்துக்குடிக்காரர் என்று சொன்னேன் இல்லையா. இரவு முழுக்க அவர் பிரிட்ஜை விட்டு இறங்கவில்லை. நான் நிற்கும் நிலையைப் பார்த்திருக்கவேண்டும், பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, இப்ப வேகம் என்ன?" என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன், ஐந்து நாட். "எதுக்கு 12-லிருந்து இவ்வளவு குறைச்சேன்?" என்றார். அலையின் அடி குறையத்தான் என்றேன். "ஆமா. அலையோட சண்டை போடக்கூடாது. அதுக்கு வழி விட்டுட்டு, நாம மெதுவா ஏறி இறங்கணும்" என்றார். அப்புறம் திசையையும் கொஞ்சம் திருப்பி, அலை நேராக மூக்கில் அடிக்காமல் ஒரு பக்கமாக வருகிற மாதிரி வைத்தார். இடி பாதியாகக் குறைந்தது. பக்கவாட்டு ஆட்டம் கூடியது, ஆனால் அந்த நடுக்கம் போய்விட்டது. அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் கண்ணைக் கருவிகளின் மேல் வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காற்று, வேகம், திசை எல்லாவற்றையும் படித்து எழுதும் வேலையைக் கொடுத்தார். அதில் மனம் நிலைத்தது.

அப்பா, இது உங்களுக்கு. விடிந்ததும் பிரிட்ஜிலிருந்து டெக்கைப் பார்த்தேன். ஏழு மீட்டர் அலை, சாம்பல் நிறத்தில், உச்சியில் வெள்ளை நுரை கோடு கோடாகக் கிழிந்து பறக்கிறது. அதைவிட டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலை நடுவில் வரும்போது கப்பல் முதுகை வளைக்கிறது, முன்னும் பின்னும் வரும்போது நடு இடுப்பு தொய்கிறது. அவ்வளவு கனமான இரும்பு வளைவது கண்ணுக்குத் தெரிகிறது. முதலில் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. பிறகு, துவாஸ் யார்டிலிருந்து வந்து நீங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொல்வீர்களே, "வளையாத இரும்பு ஒடிஞ்சிரும்டா, அது வளையத்தான் கணக்குப் போட்டுச் செய்யறோம்" என்று, அது நினைவுக்கு வந்தது. பிரிட்ஜ் சுவரில் ஒரு வெல்டிங் கோடு, பெயின்டுக்கு அடியில் மீன் செதில் மாதிரி தெரியும். அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இந்தக் கப்பலை யார் பற்றவைத்தார்களோ தெரியாது. உங்களை மாதிரி ஒருவர்தான் முகமூடி போட்டுக் குனிந்து உட்கார்ந்து அந்தக் கோட்டைப் போட்டிருப்பார். இருபத்தெட்டு வருடம் நீங்கள் செய்த வேலை என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது அப்பா.

அம்மாவுக்குச் சாப்பாட்டுக் கவலை இருக்கும். சமையல்காரர் அந்த ஆட்டத்திலும் சோறு வடித்தார். மேசை விரிப்பை நனைத்துப் போடுவார், ஈரத்தில் தட்டு வழுக்காது. வெறும் சோறும் நீங்கள் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயும்தான் இரண்டு நாளும் உள்ளே போயின. இஞ்சி மரப்பா டப்பா காலியாகிவிட்டது, பாதியைப் போசன் தின்றார். எங்கே கிடைக்கும் என்று கேட்டார், எங்கள் அம்மாவிடம் என்று சொன்னேன்.

தூக்கத்துக்கும் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்கள். மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டைச் செருகினால் மெத்தை சுவர்ப்பக்கம் சாய்ந்து தொட்டில் மாதிரி ஆகிவிடும், உருண்டு விழமாட்டோம். அப்படியே நாலு மணி நேரம் தூங்கினேன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓய்வு என்பது கடல் சட்டம், என்னைப் போல் பயிற்சியில் இருக்கும் கேடட்டுக்கும் அது உண்டு. சீஃப் ஆபீசர் மணி பார்த்து என்னைக் கீழே அனுப்பிவிடுவார்.

டெக்கில் அடித்துக்கொண்டு போய்விடுவேனோ என்று பாட்டி கேட்டாராம். பாட்டியிடம் சொல்லுங்கள்: அந்த இரண்டு நாளும் கேப்டன் அனுமதி இல்லாமல் ஒருவர்கூட வெளியே கால் வைக்கவில்லை. கதவுகள் எல்லாம் உள்ளிருந்து இறுக்கி மூடியிருந்தன. வாட்ச் என்கிற ஒவ்வொரு காவல் முறையிலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கு எடுத்தார்கள். உயிர்காப்புப் படகு இருக்கிறது, குளிர்நீரில் மிதக்கிற உடை என் அளவுக்கு இருக்கிறது, அதைப் போட்டுப் பழகியும் ஆயிற்று. இந்தத் தடவை அவற்றை யாரும் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் காற்று 25-க்கு இறங்கியது. டெக்கில் போய்ப் பார்த்தோம். முன்பக்கம் ஒரு கைப்பிடிக் கம்பி உள்பக்கமாக வளைந்திருந்தது, ஒரு மிதவை வளையத்தின் விளக்கைக் காணோம். அவ்வளவுதான் சேதம். எல்லா இடத்திலும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. இன்று முழுக்க நல்ல தண்ணீர் விட்டு அதைக் கழுவினோம். என் டிரெயினிங் ரெக்கார்ட் புக்கில் கொந்தளிக்கும் கடலுக்குக் கப்பலைத் தயார் செய்யும் பக்கத்தில் சீஃப் ஆபீசர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இனி வழியில் இப்படி வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன் அம்மா. வரும். வந்தால் இரண்டு நாள் என் குரல் கேட்காமல் போகலாம். அப்போது கப்பல் ஆன்டெனா ஆடுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் கேப்டனும் போசனும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கேப்டனிடமும் சொல்லிவிட்டேன். பெரிய காற்று வருவது தெரிந்தால் அதற்கு முன்னாலேயே உங்களுக்கு ஒரு வரி அனுப்ப நேரம் கொடுக்கிறேன் என்றார்.

தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுக்கிறீர்கள் என்று தெரியும். டேங்க் ரோடு வரை வெறுங்காலில் நடக்கும்போது அப்பா கூடவே நடக்கட்டும், போன வருடம் முட்டி வலித்தது. எனக்கென்று தனியாக எதுவும் நேர்ந்துகொள்ள வேண்டாம், கப்பலில் இருக்கும் இருபத்திரண்டு பேரும் நல்லபடி கரை சேர்ந்தால் போதும்.

ஒன்றரை நாள் தாமதமாகத்தான் போய்ச் சேருவோம், 29-ந் தேதி வாக்கில். கரையில் சிக்னல் வந்ததும் வீடியோவில் கூப்பிடுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எல்லாரும் வீட்டில் இருங்கள். தங்கச்சியிடம் என் சைக்கிளை மழையில் விடவேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம், அடுத்த தடவை கப்பல் சிங்கப்பூர் தொடும்போது இஞ்சி மரப்பா இரண்டு டப்பா வேண்டும். ஒன்று போசனுக்கு.

நாலு மணிக்கு வாட்ச் இருக்கிறது, தூங்கப்போகிறேன்.

உங்கள் அன்பு மகன்,
கதிர்