பரம்பரை அறங்காவலர் பொறுப்பிலிருந்து விலகல் கடிதம்

அனுப்புநர்
சு. வைத்தியநாதன்,
பரம்பரை அறங்காவலர்,
அருள்மிகு அகத்தீஸ்வரர் திருக்கோயில்,
நெய்க்குடி கிராமம், குடவாசல் வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
உதவி ஆணையர் அவர்கள்,
இந்து சமய அறநிலையத் துறை,
திருவாரூர்.

நாள்: 12.09.2025

பொருள்: மேற்படி திருக்கோயிலின் பரம்பரை அறங்காவலர் பொறுப்பிலிருந்து உடல்நலக் குறைவு, குடும்பப் பொறுப்பு ஆகிய காரணங்களால் விலகுதல் – பொறுப்பு ஒப்படைப்பு மற்றும் அடுத்த வாரிசு குறித்து வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் தகப்பனார் 1991 ஆம் ஆண்டு சிவபதம் அடைந்த பின் அவர் வகித்த பரம்பரை அறங்காவலர் பொறுப்பை ஏற்று, இன்றுவரை 34 ஆண்டுகளாக மேற்படி திருக்கோயிலை நிர்வகித்து வருகிறேன். இப்பொறுப்பிலிருந்து 31.10.2025 பிற்பகல் முதல் விலகிக்கொள்ள விரும்புகிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சுயநினைவோடு எடுத்த முடிவு இது.

கடந்த பிப்ரவரி முதல் எனக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு வாரம் மூன்று முறை நடைபெறுகிறது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுக்கையிலும், திருவாரூருக்குப் போய்வரும் பயணத்திலும் பகல் முழுவதும் கழிந்துவிடுகிறது. அதற்கு முன்பே, தை மாதத்தில், என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலற்றுப்போயின. எழுந்து உட்கார வைப்பதற்கும் உணவு கொடுப்பதற்கும் அவருக்குத் துணை ஒருவர் எந்நேரமும் தேவைப்படுகிறார். வீட்டில் அந்தத் துணை நான் ஒருவனே.

பொறுப்பில் இருந்துகொண்டே எப்படியாவது சமாளித்துவிடலாம் என்றுதான் சில மாதங்கள் எண்ணியிருந்தேன். ஆனி மாதத்தில் ஒரு நாள் நடந்தது அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. கருவறைச் சாவி என் தகப்பனார் காலத்திலேயே செப்புக் கம்பி சுற்றி வைத்த, சாண் நீள இரும்புச் சாவி. இரவு நடை சாத்தியதும் அது எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அன்று விடியற்காலையில் எனக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டு மருத்துவமனைக்கு வண்டி ஏற்றினார்கள்; சாவி என் சட்டைப் பையிலேயே போய்விட்டது. குருக்கள் அபிஷேகத் தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு காலை ஆறு மணியிலிருந்து எட்டரை மணிவரை அர்த்த மண்டப வாசலில் நின்றிருக்கிறார். காலசந்தி தவறிய நாள் என் நினைவில் அது ஒன்றுதான்; அது என்னால் தவறியது. மறுநாளே மாற்றுச் சாவி செய்து குருக்களிடம் கொடுத்துவிட்டேன் என்றாலும், சாவியை வைத்திருப்பவன் ஊரில் இருக்க வேண்டும் என்பதே சரி.

பொறுப்பு ஒப்படைப்பில் எதுவும் விடுபடக் கூடாது என்பதால் இன்றைய நிலையைக் கீழே எழுதுகிறேன்.

பசலி 1434 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுக் கணக்கு தங்கள் அலுவலகத்தில் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டது. நடப்பு பசலி 1435 இன் கணக்கு இம்மாதம் 10 ஆம் தேதிவரை எழுதி முடிக்கப்பட்டு, வங்கிச் சேமிப்புக் கணக்கில் ரூ.1,86,412 இருப்பு உள்ளது. 29 ஆவது பிரிவின்படியான சொத்துப் பதிவேடு, நகைச் சரிபார்ப்புப் பட்டியல், உண்டியல் திறப்புப் பதிவேடு, ரசீதுப் புத்தகங்கள் ஆகியவை கோயில் அலுவலகப் பெட்டியில் உள்ளன. சுவாமிக்குச் சாத்தும் வெள்ளி நாகாபரணம், அம்பாள் திருமாங்கல்யம், பொட்டு ஆகியவை பட்டியலில் கண்ட எடையுடன் சரியாக உள்ளன; எனினும் ஆய்வர் முன்னிலையில் மீண்டும் எடையிட்டு ஒப்படைக்கவே விரும்புகிறேன். பாதுகாப்பு கருதி திருவாரூர் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டுள்ள சோமாஸ்கந்தர், அம்பாள் திருமேனிகளுக்கான ஒப்புகைச் சீட்டை மட்டும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருந்தேன். அதையும் இனி அலுவலகக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன்.

கோயிலுக்குச் சொந்தமான 11 ஏக்கர் 40 சென்ட் நஞ்சையை ஒன்பது குத்தகைதாரர்கள் சாகுபடி செய்கிறார்கள். ஆறு பேர் பாக்கியின்றிச் செலுத்துகிறார்கள். மீதி மூவரில் இருவருக்கு 2018 நவம்பரில் வந்த கஜா புயலுக்குப் பின் ஏற்பட்ட பாக்கி சிறிது சிறிதாக அடைந்து வருகிறது. அவர்களை நெருக்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. மூன்றாமவர் விஷயம் வேறு. அவரது பாக்கிக்காக வருவாய் நீதிமன்றத்தில் மனு நிலுவையில் உள்ளது. அந்த வழக்கின் ஆவணக் கட்டை முழுமையாக ஒப்படைக்கிறேன். அடுத்து வருபவர் வாய்தா தவறாமல் ஆஜராக வேண்டும்.

பசலி 1431 தணிக்கையில், தென்னை மகசூல் ஏலத்தொகை ரூ.3,200-க்கு ரசீது அடிக்கட்டை இல்லை என்று தடை எழுப்பப்பட்டது. பணம் வங்கியில் கட்டப்பட்டதை நான் காட்ட முடிந்தாலும், அடிக்கட்டையைத் தொலைத்தது என் கவனக்குறைவே. தடை நீங்காவிட்டால் அத்தொகையை என் சொந்தப் பணத்திலிருந்து செலுத்த ஒப்புக்கொள்கிறேன். மாறாக, மடைப்பள்ளிக் கூரைக்கு நான் முன்பணமாகப் போட்ட ரூ.7,500-ஐ எனக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை.

கடைசிக் குடமுழுக்கு 2014 இல் நடந்தது. பன்னிரண்டு ஆண்டு வரும் 2026 இல் நிறைவடைகிறது. விமானத்தின் வடமேற்கு மூலையில் ஆலங்கன்று ஒன்று வேர்விட்டிருக்கிறது. இருமுறை வெட்டியும் துளிர்த்துவிட்டது; வேரோடு எடுக்க ஸ்தபதி ஒருவர் பார்த்தாக வேண்டும். பாலாலயம் வரை காத்திருந்தால் கல் விலகிவிடும் என்று அஞ்சுகிறேன். இதை மட்டும் இந்த மழைக்காலத்துக்கு முன்பே செய்ய அனுமதி தருமாறு தனியே கேட்டுக்கொள்கிறேன்.

வாரிசு குறித்து. 1959 ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 54 ஆவது பிரிவின்படி, பரம்பரை அறங்காவலர் பதவி காலியாகும்போது வாரிசு வரிசையில் அடுத்துள்ளவர் பதவிக்கு உரியவர் ஆகிறார். என் மகன் கோயம்புத்தூரில் பணிபுரிகிறார். ஊருக்குத் திரும்பும் எண்ணம் தமக்கு இல்லை என்பதால் இப்பதவியை ஏற்க இயலாது என்றும், தம் சகோதரி ஏற்பதில் ஆட்சேபணை இல்லை என்றும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்துள்ளார். என் மகள் குடவாசலில் பள்ளி ஆசிரியை. கடந்த இரண்டு ஆண்டுகளாகக் கோயிலின் சிட்டாவும் பேரேடும் அவர் கையெழுத்தில்தான் இருக்கின்றன என்பதைத் தங்கள் ஆய்வரும் அறிவார். எங்கள் வம்சத்தில் பெண் ஒருவர் இப்பொறுப்பை இதுவரை வகித்ததில்லை என்று உறவினர் சிலர் முணுமுணுப்பதை மறைக்க விரும்பவில்லை. கணக்கு எழுதத் தெரிந்தவர், கோயிலுக்கு அரை மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடியவர் என்ற இரண்டையும் பார்த்தே அவர் பெயரைச் சொல்கிறேன். மகள் என்பதற்காக அல்ல. அவரது மனு இத்துடன் உள்ளது.

எனவே, இக்கடிதத்தைத் தங்கள் பரிந்துரையுடன் இணை ஆணையர் அவர்களுக்கு அனுப்பி என் விலகலை ஏற்குமாறும், வாரிசு உத்தரவு வருவதற்குத் தாமதமானால் பூஜை தடைபடாதவாறு தக்கார் ஒருவரை நியமிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். வரும் நவம்பர் 5 ஆம் தேதி ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகம். அதற்கு முன் ஒப்படைப்பு முடிந்துவிட்டால், அரிசி வாங்குவதற்கும் சீட்டு அடிப்பதற்கும் புதியவருக்குப் போதிய நாள் கிடைக்கும். ஒப்படைப்பு நாளைச் செவ்வாய், வியாழன், சனி ஆகியவற்றுள் ஒன்றாக நிர்ணயித்தால் நான் நேரில் வர முடியும். மற்ற நாட்களில் எனக்குச் சிகிச்சை உள்ளது.

ஒருகால பூஜைத் திட்டத்தில் குருக்களுக்கு வரும் மாதாந்திர ஊக்கத்தொகை, அறங்காவலர் மாற்றத்தைக் காரணம் காட்டி ஒரு மாதம்கூட நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அவருக்கு வேறு நிலையான வருவாய் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
சு. வைத்தியநாதன்

இணைப்பு: மருத்துவச் சான்றுகள் (எனக்கும் மனைவிக்கும்), மகனின் ஆட்சேபணையின்மைக் கடிதம், மகளின் மனு, 10.09.2025 வரையிலான வங்கிக் கணக்கு விவரம்.

நகல்: சரக ஆய்வர், இந்து சமய அறநிலையத் துறை, குடவாசல், திருக்கோயில் குருக்கள்.