எத்தனை பேர் வந்தாலும் அளவு மாற்றுவது எப்படி?
தொடக்கநிலை சமையல் வகுப்பு – மூன்றாம் வாரக் கைப்பிரதி

சமையல் குறிப்பில் "4 பேருக்கு" என்று இருக்கும். வீட்டுக்கு வருவதோ 10 பேர். கண் அளவில் கூட்டிப் போட்டால் புளிப்பு தூக்கும், காரம் ஏறும். ஒரே ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

பெருக்கும் எண்

வேண்டிய நபர்கள் ÷ குறிப்பில் உள்ள நபர்கள் = பெருக்கும் எண்

முதலில் ஆட்களைச் சரியாக எண்ணுங்கள். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அரை ஆளாக எடுத்துக்கொள்ளலாம். விருந்தில் காரக்குழம்பு, ரசம், மோர் எல்லாம் இருந்தால் சாம்பார் குறைவாகத்தான் செலவாகும். இட்லிக்கு ஊற்றும் சாம்பார் என்றால் கூடுதலாகவே வேண்டும், இரண்டாம் முறை கேட்காதவர்கள் அபூர்வம்.

எடுத்துக்காட்டு: முருங்கைக்காய் சாம்பார்

மதியச் சாப்பாட்டுக்கு 8 பெரியவர்களும் 4 குழந்தைகளும் வருகிறார்கள். 8 + 2 = 10 பேர். குறிப்பு 4 பேருக்கானது. 10 ÷ 4 = 2.5. இதை எல்லாவற்றுக்கும் முன்னால் தாளின் மேலே எழுதிவிடுங்கள்.

| பொருள் | 4 பேருக்கு | × 2.5 | நாம் போடுவது |
|---|---|---|---|
| துவரம்பருப்பு | 120 கிராம் | 300 | 300 கிராம் |
| புளி | 20 கிராம் | 50 | 50 கிராம் |
| சின்ன வெங்காயம் | 12 | 30 | 30 |
| தக்காளி | 2 | 5 | 5 |
| முருங்கைக்காய் | 1 | 2½ | 3 |
| சாம்பார் பொடி | 2 மேசைக்கரண்டி | 5 | முதலில் 4 |
| உப்பு | 2 தேக்கரண்டி | 5 | முதலில் 4 |
| தண்ணீர் (மொத்தம்) | 800 மி.லி. | 2000 | முதலில் 1750 மி.லி. |
| எண்ணெய் | 1 மேசைக்கரண்டி | 2½ | 2 |
| கடுகு | 1 தேக்கரண்டி | 2½ | 2 |
| வெந்தயம் | ¼ தேக்கரண்டி | ½-க்குச் சற்று மேல் | ½ |
| காய்ந்த மிளகாய் | 2 | 5 | 4 |

கடைசி இரண்டு நெடுவரிசைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பருப்பு, புளி, காய் மூன்றும் கணக்குப்படியே போகின்றன. அரை முருங்கைக்காயை மீதி வைத்து என்ன செய்வது, முழுதாகவே போட்டுவிடலாம்.

உப்பும் பொடியும் வேறு விதம். கணக்குப்படி போட்டால் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது. அதனால் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, கொதி வந்தபின் ருசி பார்த்துச் சேருங்கள்.

தண்ணீர் ஏன் குறைகிறது? கொதிக்கும்போது ஆவியாவது பாத்திரத்தின் வாய் அகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. சாம்பார் இரண்டரை மடங்கு ஆனாலும் பாத்திரத்தின் வாய் அந்த அளவுக்குப் பெரிதாகாது. ஆகவே குறைத்து ஊற்றி, கெட்டியாக இருந்தால் வெந்நீர் சேருங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கிவிடும்.

தாளிப்புக்கு எண்ணெய் கடுகு பொரியும் அளவுக்கு இருந்தால் போதும். வெந்தயத்தில் மட்டும் கை தாராளமாகப் போக வேண்டாம், கசந்துவிடும்.

குக்கரும் நேரமும்

பருப்பு நுரைத்துப் பொங்கும். அதனால் பருப்பும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 300 கிராம் பருப்புக்கு 1 லிட்டர் தண்ணீர் (மேலே சொன்ன மொத்தத்தில் இதுவும் சேர்த்தி) வைத்தால் 3 லிட்டர் குக்கரில் பாதியை ஒட்டி வந்துவிடும், 5 லிட்டர் குக்கரை எடுங்கள். நேரத்தை 2.5 ஆல் பெருக்கவே வேண்டாம். முதல் விசில் வரத்தான் தாமதமாகும், அதன்பின் வேகும் நேரம் ஏறக்குறைய அதேதான்.

வெங்காயம் வதக்கும்போது அகலமான சட்டி வேண்டும். சின்னச் சட்டியில் முப்பதையும் குவித்தால் வதங்காமல் நீர் விட்டு வேகும். பெரிய சட்டி இல்லையென்றால் இரண்டு தடவையாக வதக்குங்கள். வடை, அப்பளம் பொரிக்கும் எண்ணெயையும் பெருக்க வேண்டாம், அதே எண்ணெயில் ஈடு ஈடாகப் பொரிக்கலாம்.

குறைப்பதும் இதே கணக்குதான்

2 பேருக்கு என்றால் 2 ÷ 4 = 0.5. இங்கே தண்ணீரைப் பாதிக்குச் சற்று மேலாக வைத்து, சின்னப் பாத்திரத்தில் செய்யுங்கள், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும்.

கரண்டிக் கணக்கு: 3 தேக்கரண்டி = 1 மேசைக்கரண்டி. 16 மேசைக்கரண்டி = 1 கப் (240 மி.லி.). 7½ தேக்கரண்டி என்று விடை வந்தால் 2½ மேசைக்கரண்டியாக அளந்துவிடலாம்.

வீட்டுப் பயிற்சி: 4 பேருக்கான எலுமிச்சை சாதம்: அரிசி 300 கிராம், எலுமிச்சம்பழம் 2, பச்சை மிளகாய் 3, கடலைப்பருப்பு 2 தேக்கரண்டி, உப்பு 1½ தேக்கரண்டி. இதை 5 பெரியவர்கள், 2 குழந்தைகளுக்கு மாற்றி, எதைக் கணக்குப்படி போட்டீர்கள், எதைக் கையில் பிடித்து வைத்தீர்கள் என்று எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.