ரூட் கெனால் இரண்டாவது சிட்டிங்: கிளினிக் வாட்ஸ்அப் செய்திகள்

மார்ச் 5, வியாழன்

கிளினிக், மாலை 6.10
வணக்கம் மேடம். பல் கிளினிக் வரவேற்பிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் அடுத்த சிட்டிங் மார்ச் 12, வியாழன், காலை 10.30. முக்கால் மணி நேரம் ஆகும். இந்த நேரம் ஒத்துவருமா? நினைவூட்டல் உங்கள் நம்பருக்கா, அப்பா நம்பருக்கா?

மகள், 6.24
நேரம் சரி. எனக்கே அனுப்புங்கள். அப்பா வாட்ஸ்அப்பைத் திறந்தே பார்க்க மாட்டார்.

கிளினிக், 6.26
சரி மேடம், பதிவு செய்துவிட்டேன். இன்று வைத்திருப்பது தற்காலிக அடைப்புதான். அந்தப் பக்கம் கடினமாக எதையும் கடிக்க வேண்டாம். அடைப்பு உடைந்தாலோ விழுந்தாலோ 12ஆம் தேதிவரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

மார்ச் 10, செவ்வாய்

கிளினிக், காலை 10.00
வணக்கம். நாளை மறுநாள் வியாழன் காலை 10.30-க்கு அப்பாவுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.
வருவதானால் 1
வேறு நேரம் வேண்டுமானால் 2
வர முடியாவிட்டால் 3
எண்ணை மட்டும் அனுப்பினால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். முன்கூட்டியே தெரிந்தால் அந்த நேரத்தை வலியோடு காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவோம்.

மார்ச் 11, புதன்

கிளினிக், காலை 9.15
மேடம், பதில் வரவில்லை. நாளை வருகிறீர்களா?

மகள், 9.40
மன்னிக்கவும், நேற்றே பார்த்தேன். வலியே இல்லை, இனி எதற்கு வர வேண்டும் என்கிறார் அப்பா. அவரிடம் பேசிவிட்டுப் பதில் போடலாம் என்று விட்டுவிட்டேன். போதாக்குறைக்கு நாளை எனக்கு ஆபீஸில் ஆடிட்.

கிளினிக், 9.52
இரண்டாவது சிட்டிங்குக்கு வராதவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள் மேடம். அப்பா சொல்வதும் உண்மைதான், வலி இருக்காது. போன வாரமே பல்லுக்குள் இருந்த நரம்பை எடுத்தாயிற்று. ஆனால் வேர்க் குழாய்களை இன்னும் நிரப்பவில்லை. மேலே இருக்கும் அடைப்பு நாளாக நாளாகத் தேயும், ஓரத்தில் கசியும். கிருமி உள்ளே போனால் மறுபடி சீழ் பிடிக்கலாம், செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். பல் உடைந்துபோனால் பிடுங்குவதைத் தவிர வழியில்லாமலும் போகலாம். இதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவருக்குச் சந்தேகம் இருந்தால் மதியம் 2 மணிக்கு மேல் டாக்டரே போனில் பேசுவார்.

உங்களுக்கு ஆடிட் என்றால் நாளை வேண்டாம். வெள்ளி மாலை 5.30 இருக்கிறது, சனி மாலை 4.15 இருக்கிறது. எது வசதி?

மகள், 10.20
படித்துக் காட்டினேன். "சீழ்" என்றதும் சரி என்றுவிட்டார். வெள்ளி 5.30 போடுங்கள்.

கிளினிக், 10.22
மார்ச் 13, வெள்ளி, மாலை 5.30 உறுதி. நாளைய 10.30-ஐ ரத்து செய்துவிட்டேன். அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள், பழைய நேரத்துக்குத் தனியாகக் கிளம்பி வந்துவிடப் போகிறார்.

அதே நாள், காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு

கிளினிக், 10.25
வணக்கம் சார். சீக்கிரம் நேரம் கிடைத்தால் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். நாளை வியாழன் காலை 10.30 காலியாகியிருக்கிறது. மதியம் 1 மணி வரை உங்களுக்காக வைத்திருப்பேன், அதற்குப் பிறகு அடுத்தவரைக் கேட்பேன். வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் 20ஆம் தேதி நேரம் அப்படியேதான் இருக்கும்.

காத்திருப்பவர், 10.31
வருகிறேன். 20ஆம் தேதியை எடுத்துவிடுங்கள்.

மார்ச் 13, வெள்ளி

கிளினிக், காலை 9.00
மேடம், இன்று மாலை 5.30. அப்பா வயிறு காலியாக வர வேண்டாம். மரத்துப்போகும் ஊசிதான் போடுவோம், அதனால் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டே வரலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும் வழக்கம்போலப் போடட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதை அவராக நிறுத்த வேண்டாம், முதலில் எங்களிடம் சொல்லுங்கள்.

மகள், 9.18
சரி. அந்த மாத்திரை எதுவும் இல்லை.

கிளினிக், மாலை 5.40
மேடம், கிளம்பிவிட்டீர்களா? 5.50-க்குள் வந்தால் இன்றே முழுதாக முடித்துவிடலாம் என்கிறார் டாக்டர். அதற்கு மேல் ஆனால் 6.15-க்கு வரவேண்டியவரை நெடுநேரம் காக்க வைக்கும்படி ஆகிவிடும்.

மகள், 5.41
கீழே வண்டி நிறுத்திக்கொண்டிருக்கிறேன். அப்பா படியேறிவிட்டார்.

கிளினிக், இரவு 7.05
வேர் நிரப்பும் வேலை முடிந்தது மேடம். மரத்தது விடும்வரை, அதாவது இரண்டு மூன்று மணி நேரம், எதையும் மெல்ல வேண்டாம். தெரியாமல் நாக்கையோ கன்னத்தையோ கடித்துக்கொள்வார். கடிக்கும்போது சில நாள் லேசாக வலிக்கலாம். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் உடனே கூப்பிடுங்கள். இது கடைவாய்ப் பல் என்பதால் மேலே கேப் போட வேண்டும். அதற்கு அளவெடுக்க மார்ச் 20, வெள்ளி, மாலை 5.30 காலியாக இருக்கிறது. போடட்டுமா?

மகள், 7.11
1